தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்புற பயோட்டினும், இன்னும் நிரூபணம் ஆகாத கொலாஜனும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 38 வயசு, திருச்சி. போன நவம்பர்ல டெங்கு வந்துச்சு. பிப்ரவரில இருந்து தலை வாரினாலே கொத்து கொத்தா முடி கொட்டுச்சு, முகமும் வாடிப்போச்சு, கண்ணோரம் கோடு வேற. மார்ச்ல இருந்து ஃப்ரெண்ட் சொன்ன கொலாஜன் பவுடரும் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் மாத்திரையும் எடுக்குறேன், மாசம் மூவாயிரம் கிட்ட ஆகுது. ஜூலைக்குள்ள முடி கொட்றது நின்னுடுச்சு. அஞ்சு வருஷமா தைராய்டுக்கு 75 மாத்திரை போடுறேன், எப்பவும் நார்மலா இருக்கும், இப்ப டிஎஸ்ஹெச் 0.08, ஃப்ரீ டி4 ஜாஸ்தின்னு வந்திருக்கு. உடம்புக்கு ஒண்ணும் பண்ணல. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போகணும். கொலாஜன், பயோட்டின் ரெண்டையும் தொடரலாமா? குளுட்டாதயோனும் சேர்த்தா கலர் வரும்ங்கிறாங்க, எடுக்கலாமா?

பதில்:

முதல்ல தைராய்டு விஷயம், அதுதான் அவசரம். இந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு நீங்களா 75 மாத்திரையக் குறைக்காதீங்க, நிறுத்தவும் நிறுத்தாதீங்க. உங்க டாக்டருக்கு இன்னைக்கே போன் போட்டு "நான் நாலஞ்சு மாசமா தினமும் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் எடுத்துட்டு இருந்தேன், டெஸ்ட் குடுத்த அன்னிக்கும் எடுத்தேன்"னு சொல்லிடுங்க. இது அவருக்குத் தெரியாம இருந்தா ரிப்போர்ட்டைப் பார்த்தவுடனே டோஸ் ஜாஸ்தியாயிடுச்சுன்னுதான் நினைப்பார், அப்படி நினைக்கறதுல தப்பும் இல்ல, ஏன்னா காகிதத்துல தெரியறது அச்சு அசல் அதுதான். பயோட்டின் எடுக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க அதை டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, அது மருந்துங்கற நினைப்பே அவங்களுக்குக் கிடையாது, "ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா"ன்னு கேட்டா தைராய்டு மாத்திரைய மட்டும் சொல்லிட்டு வந்துடுவாங்க.

பயோட்டின்ங்கறது ஒரு பி வைட்டமின், அது உங்க தைராய்டை ஒண்ணும் பண்ணல, லேப் மெஷினைத்தான் ஏமாத்துது. எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதைப் புரிஞ்சுக்கிட்டா எந்தெந்த டெஸ்ட்ல ஜாக்கிரதையா இருக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின்னு ஒரு புரதமும் ஒண்ணை ஒண்ணு ரொம்ப கெட்டியா பிடிச்சுக்கும். இந்தக் குணத்தை லேப் டெஸ்ட் செய்யறவங்க பல வருஷமா பயன்படுத்திட்டு வர்றாங்க. டிஎஸ்ஹெச் டெஸ்ட்டை எடுத்துக்கோங்க, தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளைக்கு அடியில இருந்து வர்ற ஹார்மோன் அது, தைராய்டு ஹார்மோன் ஜாஸ்தியானா இது குறைஞ்சிடும். ரத்தத்துல இருக்குற டிஎஸ்ஹெச்சைப் பிடிக்க ரெண்டு ஆன்டிபாடி விடுவாங்க, ஒண்ணோட நுனில பயோட்டின் ஒட்டியிருக்கும், இன்னொண்ணுல வெளிச்சம் குடுக்குற பொருள் இருக்கும். டிஎஸ்ஹெச் நடுவுல மாட்டிக்கும், பயோட்டின் நுனி போய் ஸ்ட்ரெப்டாவிடின் பூசின சின்னச் சின்ன மணிகள்ல ஒட்டிக்கும், மீதியெல்லாம் கழுவி விட்டுட்டு எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு மெஷின் அளக்கும். வெளிச்சம் ஜாஸ்தின்னா ஹார்மோன் ஜாஸ்தி. இப்ப உங்க ரத்தத்துலயே பயோட்டின் நிறைஞ்சு கிடந்தா என்ன ஆகும், அதெல்லாம் முந்திக்கிட்டு போய் அந்த மணிகள்ல உக்காந்துடும், டெஸ்ட்டோட ஆன்டிபாடிக்கு இடமே இருக்காது, அது டிஎஸ்ஹெச்சோட சேர்ந்து கழுவல்ல போயிடும், மெஷின் குறைஞ்ச வெளிச்சத்தைப் பார்த்துட்டு டிஎஸ்ஹெச் ரொம்ப கம்மின்னு அச்சடிச்சிடும்.

தைராய்டு சுரக்குற ஹார்மோனை அளக்குற ஃப்ரீ டி4 டெஸ்ட் இதுக்கு நேர் எதிர் முறை. அதுல வெளிச்சம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு ஹார்மோன் இருக்குன்னு அர்த்தம். அங்கயும் பயோட்டின் இடத்தைப் பிடிச்சு வெளிச்சத்தைக் குறைக்கும், அதனால ரிசல்ட் ஜாஸ்தின்னு வரும். டிஎஸ்ஹெச் கம்மி, டி4 ஜாஸ்தி, ரெண்டு பொய்யும் ஒரே பக்கம் சாயுது பாருங்க, அதனாலதான் இது இவ்வளவு நம்பகமா தைராய்டு அதிகமா சுரக்குற நோய் மாதிரியே தெரியுது. ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் ஏறுமாறா வந்திருந்தா டாக்டருக்கு சந்தேகம் வந்திருக்கும், ரெண்டும் ஒத்துப்போறதால சந்தேகத்துக்கே வழியில்ல. இல்லாத நோய்க்கு மருந்து ஆரம்பிச்சதெல்லாம் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

உங்க விஷயத்துல பயோட்டின்தான் காரணம்னு நான் அடிச்சு சொல்லல. 75ங்கறது உங்க உடம்புக்கு நிஜமாவே ஜாஸ்தியாகியிருக்கலாம், எடை குறைஞ்சா அப்படி ஆகும். தைராய்டு ஜாஸ்தியானா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்த்துக் கொட்டறது, சாப்பிட்டும் எடை குறையறது, தூக்கம் வராம இருக்கறது இதுல ஒண்ணு ரெண்டாவது பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு எதுவும் இல்லங்கறது, அதோட அஞ்சு வருஷமா அதே டோஸ்ல ஒழுங்கா இருந்தது, இந்த ரெண்டும் பயோட்டின் பக்கம்தான் விரலைக் காட்டுது. ஆனா அறிகுறியே இல்லாமலும் டோஸ் ஜாஸ்தி ஆகலாம், அதை அப்படியே விட்டா இதயத் துடிப்பு தாறுமாறா ஆகறது, எலும்பு தேயறதுன்னு போகும், அதனால கட்டாயம் திரும்ப டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்.

எப்படிப் பண்ணணும்னா, பயோட்டினை முழுசா நிறுத்துங்க. அமெரிக்கத் தைராய்டு சங்கம் டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாளாவது நிறுத்தணும்னு சொல்லுது, நீங்க எடுத்த அளவுக்கு நான் ஒரு வாரம் விடச் சொல்லுவேன், ஒரு வாரம் பொறுக்கக்கூடிய டெஸ்ட்டுதானே. கிட்னி பிரச்சினை இருக்குறவங்களுக்கு உடம்பை விட்டு வெளியேற இன்னும் நாளாகும், அவங்க டாக்டரைக் கேட்டுத்தான் கணக்கு வைக்கணும். அப்புறம் அதே லேப்ல, காலைல தைராய்டு மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ரத்தம் குடுங்க, மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல டி4 தற்காலிகமா ஏறும், அந்தக் குழப்பமும் வேணாம். நம்பர் பழைய இடத்துக்கு வந்துட்டா குற்றவாளி பயோட்டின், டோஸைத் தொடவே வேணாம். அப்பவும் 0.08 கிட்டயே நின்னா அது நிஜம், டாக்டர் குறைப்பார், கேளுங்க. எல்லா லேப் மெஷினும் இந்த முறைல வேலை செய்யறதில்ல, சில கம்பெனிங்க இதை சரி பண்ணி புது டெஸ்ட்டும் விட்டிருக்காங்க, அதனால லேப்ல ஒரு வார்த்தை "உங்க மெஷின்ல பயோட்டினால ரிசல்ட் மாறுமா"ன்னு கேட்டுப் பாருங்க, நல்ல லேப்னா பதில் சொல்லுவாங்க.

தைராய்டோட இது முடியல. மாரடைப்பு வந்திருக்கான்னு பார்க்குற ட்ரோபோனின் டெஸ்ட்டும் டிஎஸ்ஹெச் மாதிரியே வேலை செய்யறதுதான். அதுல பொய்யா கம்மின்னு வந்தா நிஜ மாரடைப்பு கண்ணுல படாமலே போயிடும். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பர்ல இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு, அதுல பயோட்டின் அதிக அளவு எடுத்த ஒருத்தர் ட்ரோபோனின் பொய்யா கம்மியா வந்ததோட தொடர்பா இறந்துபோனதா தகவல் வந்திருக்குன்னும் சொல்லியிருந்தாங்க, 2019ல திரும்பவும் ஞாபகப்படுத்தினாங்க. நெஞ்சு வலின்னு எமர்ஜென்சிக்குப் போற யாரும் ஒரு வாரம் நிறுத்திட்டுப் போக முடியாது, அதனால வீட்ல யார் பயோட்டின் எடுத்தாலும் அந்த விஷயம் கூட இருக்குறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

சரி, முடி கொட்றது நின்னுச்சே அது பயோட்டினால இல்லையான்னு கேப்பீங்க. நீங்க எழுதியிருக்குற மாசங்களை வரிசையா வச்சாலே பதில் அதுலயே இருக்கு. டெங்கு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்தா வளர்ந்துட்டு இருக்குற முடிங்கள்ல ஒரு பெரிய கூட்டம் ஒரே நேரத்துல ஓய்வு நிலைக்குப் போயிடும். அந்த முடி உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் வேர்ல சும்மா இருந்துட்டு, அடியில புது முடி கிளம்பும்போதுதான் விழும். நவம்பர் காய்ச்சல், பிப்ரவரி கொட்டல், கணக்கு சரியா இருக்கா? இதை நாங்க டெலோஜன் எஃப்ளுவியம்னு சொல்லுவோம், பிரசவத்துக்கு அப்புறம் கொட்றதும் இதே கதைதான். மூணுல இருந்து ஆறு மாசத்துல தானா நின்னுடும், பிப்ரவரில இருந்து எண்ணினா மே மாசத்துல இருந்து ஆகஸ்டுக்குள்ள, உங்களுக்கு ஜூலை. மார்ச்ல நீங்க எதை ஆரம்பிச்சிருந்தாலும், கறிவேப்பிலைப் பொடியா இருந்தாலும் சரி வெங்காயச் சாறா இருந்தாலும் சரி, ஜூலைல அதுக்குத்தான் பேர் போயிருக்கும். பயோட்டின் இவ்வளவு விக்கிறதுக்குப் பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன், ஜனங்க முடி அதிகமா கொட்ற நேரத்துல வாங்குறாங்க, அது எப்படியும் நிக்கப்போற நேரத்துல நிக்குது.

ஒரு நாளைக்குப் பெரியவங்களுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும்னு அமெரிக்க அளவுகோல் சொல்லுது. வேகவெச்ச முட்டை ஒண்ணுலயே கிட்டத்தட்ட 10 மைக்ரோகிராம் கிடைச்சிடும், வேர்க்கடலை, ஈரல், மீன்னு எதுலயும் கொஞ்சம் இருக்கு. நீங்க விழுங்குறது அந்த 30 மைக்ரோகிராமைப் போல முன்னூறு மடங்குக்கு மேல. நிஜமாவே பயோட்டின் குறைஞ்சா முடி கொட்டும், வாய், கண்ணைச் சுத்தி செதில் செதிலா படையும் வரும், அது உண்மை, ஆனா அந்தக் குறைபாடு ரொம்ப அபூர்வம். பிறவிலயே பயோட்டினிடேஸ்ங்கற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைங்க, வருஷக்கணக்கா வலிப்பு மாத்திரை எடுக்குறவங்க, தொடர்ந்து பச்சை முட்டை வெள்ளைக்கரு குடிக்கிறவங்க (அதுல இருக்குற அவிடின் பயோட்டினைக் குடல்லயே பிடிச்சு வச்சுக்கும், வேகவெச்சா அந்தப் பிரச்சினை இல்ல), இப்படி ஒரு காரணம் இருக்கும். 2017ல முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் குடுத்துப் பலன் கிடைச்சதா பதிவான கேஸ்களை எல்லாம் தேடி எடுத்தப்போ கிடைச்சது வெறும் 18, அந்தப் பதினெட்டுப் பேருக்குமே பயோட்டின் குறைவுக்கோ முடி, நகக் கோளாறுக்கோ அடியில ஒரு காரணம் இருந்துச்சு. ஆரோக்கியமா இருக்குறவங்களுக்கு முடி வளருதுன்னு காட்டுற ஒழுங்கான ஆய்வு கிடையாது. சருமத்துக்கும் அதே நிலைமைதான். உடையுற நகத்துக்கு மட்டும் சின்ன அளவுல பழைய ஆய்வுங்க கொஞ்சம் இருக்கு, அதுலயும் ஒப்பிட்டுப் பார்க்க பொய் மாத்திரை குடுத்த குழு இல்ல. அதனால உங்க கேள்விக்கு பதில், பயோட்டினைத் திரும்ப ஆரம்பிக்க வேணாம்.

தோலுக்கு உறுதி குடுக்குற புரதமான கொலாஜன் இந்த அளவுக்கு வெறும் கையோட வரல, அதனால அதைப் பொறுமையா சொல்லணும். கொலாஜன் குடிச்சா அது அப்படியே போய் கன்னத்துல உக்காராது, வயித்துல போற எந்தப் புரதமும் உடைஞ்சுதான் உள்ள போகும். ஆனா "பருப்பு சாப்பிட்ட மாதிரிதான், வேற ஒண்ணுமில்ல"ன்னு ஒரேயடியா தள்ளிவிடறதும் சரியில்ல, ஏன்னா கொலாஜன் உடையும்போது வர்ற சில குட்டித் துண்டுங்க, ரெண்டு மூணு அமினோ அமிலம் சேர்ந்த பெப்டைடுங்க, முழுசா உடையாமலே ரத்தத்துல சேர்றதை அளந்து பார்த்திருக்காங்க. அதுங்க தோல்ல இருக்குற செல்லைத் தூண்டி புதுக் கொலாஜன் செய்ய வைக்கலாம்ங்கறது கருத்து. நடக்கக்கூடியதுதான், நிஜமா நடக்குதாங்கறதுதான் கேள்வி.

அதுக்கு மனுஷங்ககிட்ட ஆய்வுங்க நிறையவே நடந்திருக்கு. பொதுவா தினம் 2.5 கிராம்ல இருந்து 10 கிராம் வரைக்கும், எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் குடுப்பாங்க. கன்னத்து மேல சின்ன கருவிய வச்சு தோலை லேசா உறிஞ்சி இழுத்து விட்டு, எவ்வளவு சீக்கிரம் பழையபடி திரும்புதுன்னு பார்ப்பாங்க, இன்னொரு கருவி தோல்ல ஈரப்பதம் எவ்வளவுன்னு அளக்கும். இந்த ஆய்வுங்களையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்த 2021, 2023 தொகுப்புங்க ரெண்டுமே ஈரப்பதமும் இழுவையும் கொஞ்சம் கூடுதுன்னு சொல்லுச்சு. விளம்பரத்துல "அறிவியல்பூர்வமா நிரூபிக்கப்பட்டது"ன்னு போடறதுக்கு இந்த மாதிரி முடிவுங்கதான் அடிப்படை.

2025ல அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணுல வந்த தொகுப்பு ஒரு படி மேல போச்சு. 23 ஆய்வு, 1,474 பேர். எல்லாத்தையும் மொத்தமா கூட்டினா அங்கயும் பலன் இருக்குற மாதிரிதான் வந்துச்சு. ஆனா யார் காசுல நடந்த ஆய்வுன்னு தனித்தனியா பிரிச்சப்போ, கம்பெனிங்க பணம் குடுத்த ஆய்வுங்கள்ல பலன் தெரிஞ்சுது, கம்பெனி காசு வாங்காத ஆய்வுங்கள்ல ஈரப்பதம், இழுவை, சுருக்கம் எதுலயுமே பலன் இல்ல. தரம் உயர்ந்த ஆய்வு, தரம் குறைஞ்ச ஆய்வுன்னு பிரிச்சாலும் அதே மாதிரி, தரமான ஆய்வுங்கள்ல ஒண்ணும் தெரியல. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான தகவல். நிஜமாவே வேலை செய்யற மருந்துன்னா யார் பரிசோதிச்சாலும் வேலை செய்யணும். இதுக்கு மேல இன்னொரு சிக்கல், பல ஆய்வுங்கள்ல குடுத்தது வெறும் கொலாஜன் இல்ல, கூடவே வைட்டமின் சி, ஹையலுரானிக் ஆசிட், துத்தநாகம்னு கலந்து குடுத்திருப்பாங்க, அப்புறம் எது வேலை செஞ்சுதுன்னு எப்படிப் பிரிக்கறது. கருவில தெரியற ஒரு சின்ன வித்தியாசம் கண்ணாடி முன்னாடி நிக்கும்போது கண்ணுக்குத் தெரியும்னும் இல்ல.

அதனால மாசாமாசம் இதுக்கு செலவு பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவங்களுக்கு கெடுதல் இல்ல, மீன் அலர்ஜி இருக்குறவங்க மட்டும் மீன்ல இருந்து எடுத்த கொலாஜனைத் தொடக்கூடாது. வாங்கின டப்பா மீதி இருந்தா குடிச்சு முடிங்க, ஆனா அதுக்கு முன்னாடி லேபிளைத் திருப்பிப் பாருங்க. பல "ஸ்கின் கொலாஜன்" பவுடர்ல பயோட்டினும் கலந்திருப்பாங்க, அப்படி இருந்தா மாத்திரைய மட்டும் நிறுத்தி டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்ல, அதையும் சேர்த்து நிறுத்தணும். கொலாஜன் எத்தனை கிராம்னும் பாருங்க, ஜெல்லி மிட்டாய் மாதிரி வர்றதுல பலது மில்லிகிராம் கணக்குலதான் இருக்கும், ஆய்வுல குடுத்த அளவுக்குப் பக்கத்துலயே வராது. பச்சைப் புள்ளி போட்டு கொலாஜன்னு வித்தா உள்ள கொலாஜனே இருக்காது, ஏன்னா கொலாஜன் மாடு, பன்னி, மீன் இப்படி உயிரினத்துல இருந்துதான் வருது, செடில கிடையாது. பச்சைப் புள்ளிக்காரங்க விக்கிறது வைட்டமின் சியும் சில அமினோ அமிலமும், பேரு மட்டும் கொலாஜன் பில்டர். எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கேன்னு நம்பிடாதீங்க, அது உணவுப் பொருளுக்கான லைசென்ஸ், சுருக்கம் போகும்னு யாரும் சோதிச்சுக் குடுத்த சான்றிதழ் இல்ல.

குளுட்டாதயோன் வேணாம். மாத்திரைய வச்சு நடந்த ஆய்வுங்க சின்னது, சில வாரம்தான் நடந்தது, தோல்ல மெலனின் அளவு கொஞ்சம் குறைஞ்சதா சில இடத்துல காட்டுச்சு, சில இடத்துல காட்டல. அதையே நரம்புல ஊசியா போட்டுக்கச் சொன்னா அங்க இருந்து கிளம்பி வந்துடுங்க, தோல் வெளுக்க இந்த ஊசி போடறது ஆபத்துன்னு பிலிப்பைன்ஸ் எஃப்டிஏ வெளிப்படையா எச்சரிச்சிருக்கு, தோல் உரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகுற அலர்ஜி, கிட்னி, தைராய்டு பாதிப்பு எல்லாம் அந்த எச்சரிக்கைல வருது. உங்க நிறத்துல ஒரு குறையும் இல்லம்மா, அதுக்காக தைராய்டு நோயாளியான நீங்க இந்த ரிஸ்க் எடுக்கறதை என்னால ஏத்துக்கவே முடியாது.

கண்ணோரக் கோட்டுக்கு என்னதான் பண்றதுன்னா, அதுக்கு ஆதாரம் இருக்கு. ஆஸ்திரேலியால நாம்பூர்ங்கற ஊர்ல தொண்ணூறுகள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, முடிவு 2013ல வந்துச்சு. 55 வயசுக்குள்ள இருக்குற 903 பேரை சீட்டுக் குலுக்கி எடுக்கற மாதிரி பிரிச்சு, ஒரு பாதிய தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னாங்க, இன்னொரு பாதிய அவங்க இஷ்டத்துக்கு விட்டாங்க. அதே ஆட்கள்ல பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை, மீதிப் பேருக்கு பொய் மாத்திரை. நாலரை வருஷம் கழிச்சு புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்தா, தினமும் சன்ஸ்கிரீன் போட்டவங்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் கம்மி. பீட்டா கரோட்டின் மாத்திரை மொத்தத்துல ஒரு வித்தியாசமும் பண்ணல. ஒரே ஊர், ஒரே ஜனம், ஒரே ஆய்வு, மேல பூசினது ஜெயிச்சுது, உள்ள விழுங்கினது தோத்துச்சு, அதனாலதான் இதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். அவங்க வெள்ளைத் தோல்காரங்க, நமக்கு சுருக்கத்தைவிட முதல்ல கருந்திட்டுதான் வரும்ங்கறது உண்மை, அதுக்கும் வெயில்தான் பெரிய காரணம், திருச்சி வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாம, ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்க, மங்கு இருந்தா நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்க, அதுல இருக்குற இரும்பு ஆக்சைடு வெறும் வெளிச்சத்துல வர்ற கருமையையும் தடுக்கும்.

உடம்பையே புதுக் கொலாஜன் செய்ய வைக்கிற மருந்து வேணும்னா அது ட்ரெட்டினாயின் க்ரீம். 1993லயே, வெயில்ல கெட்டுப்போன தோல்ல பத்துப் பன்னெண்டு மாசம் பூசி, தோலைக் கொஞ்சம் வெட்டியெடுத்துப் பார்த்து, கொலாஜன் உருவாகறது 80 சதவீதம் கூடினதைக் காட்டியிருக்காங்க, சும்மா க்ரீம் மட்டும் பூசினவங்களுக்கு 14 சதவீதம் குறைஞ்சுது. நேர்ல ஒரு தோல் டாக்டரைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும், பொதுவா 0.025 சதவீதம், ராத்திரில பட்டாணி அளவு, முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆரம்பத்துல தோல் உரியும், எரியும், அதுக்குப் பயந்து ரெண்டாவது வாரத்துலயே விட்டுடாதீங்க, மாய்ஸ்சரைசரோட சேர்த்துப் பூசினா பழகிடும். குழந்தைக்குத் திட்டம் இருந்தா, கர்ப்பமா இருந்தா கூடவே கூடாது. இதோட விலை நீங்க இப்ப மாசாமாசம் செலவு பண்றதுல ஒரு சின்னப் பங்குதான்.

முடி திரும்ப கொட்ட ஆரம்பிச்சா மாத்திரை வாங்கறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின், உடம்புல சேமிச்சிருக்குற இரும்பைக் காட்டுற ஃபெரிட்டின் ரெண்டையும் பாருங்க, மாதவிடாய்ல ரத்தம் ஜாஸ்தி போற பொண்ணுங்களுக்கு இரும்புச் சத்து குறையறதுதான் நான் அடிக்கடி பாக்குற காரணம். இரும்பு கம்மின்னு வந்து டாக்டர் மாத்திரை குடுத்தா, அதை உங்க தைராய்டு மாத்திரையோட சேர்த்துப் போட்டுடாதீங்க, நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரைய உடம்புல சேர விடாது. ஸ்கின், ஹேர், நெயில்னு விக்கிற மல்டிவைட்டமின்லயும் இந்த ரெண்டு இருக்கலாம், வீட்ல அந்த மாதிரி பாட்டில் ஏதாவது இருந்தா அதோட லேபிளையும் அடுத்த வாரம் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.